கிணற்றுப் பணம்

அன்னவாசலிலிருந்து வந்தவர் தகரப் பெட்டியை வேப்பமரத்தடியில் இறக்கி வைத்தார். அதன் மேல் அவருடைய மகள் உட்கார்ந்துகொண்டாள். நான் ஆபீஸ் அறை ஜன்னல் வழியாக இருவரையும் பார்த்தேன். பிறகு பார்க்காமல் இருக்க முயன்றேன். முடியவில்லை.

புதுக்கோட்டையில் ஏழைப் பெண்பிள்ளைகள் தங்கிப் படிப்பதற்காக ஊர்ப் பெரியவர்கள் ஒரு சங்கம் வைத்து நடத்திய விடுதி அது. சாயங்காலம் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதும் சங்கத்தின் கணக்கு எழுதுவதும் என் வேலை. எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான்தான். அதனால் எனக்குத் திமிர் என்று சொல்வார்கள். இருக்கட்டும்.

சங்கத்தின் காரியதரிசி ஒரு வக்கீல். சித்திரையிலேயே அந்தத் தகப்பனாருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். "வைகாசியில கூட்டிட்டு வாங்க, எடம் இருக்கு." இடம் இருந்தது உண்மை. அவளுக்குச் சோறு போடப் பணம் இல்லை என்பதும் உண்மை. அவர் தயாரித்திருந்த வரவு செலவுத் திட்டத்தில் அது தெரியவில்லை, அவ்வளவுதான்.

அதில் எல்லாப் பணமும் ஒரே பத்தியில் இருந்தது. மாதச் சந்தா, சமஸ்தான மானியம், வீடு வீடாக வரும் பிடியரிசி, அவற்றோடு திருமயம் பக்கத்து ஆச்சி ஒருவர் கிணறு வெட்டக் கொடுத்த தொகை. கூட்டிப் பார்த்தால் விடுதி செழிப்பாக இருந்தது. ஆனால் அந்தச் செழிப்பு முழுவதும் கிணறு. பாறைக்கு வெடி வைக்க யுத்த காலத்தில் அனுமதி கிடைக்காததால் கிணறு இன்னும் வெட்டப்படவில்லை. பணம் பாங்கியில் கிடந்தது.

காலையிலேயே நான் அந்தத் தாளை ஒதுக்கிவிட்டுப் புதிதாக எழுதினேன். நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் கட்டளைப் பணம்; கொடுத்தவர் எதற்கென்று சொன்னாரோ அதற்கு மட்டும். வலப்பக்கம் பொதுப் பணம். சங்கம் எதற்கு வேண்டுமானாலும் செலவிடலாம். கிணறு இடப்பக்கம் போனது. அரிசி, விறகு, விளக்கெண்ணெய், சமையல்காரம்மாள் சம்பளம் எல்லாம் வலப்பக்கம் வந்து நின்றன. இருக்கிற பிள்ளைகளுக்கு வலப்பக்கம் சரியாக இருந்தது. அன்னவாசல் பிள்ளையைச் சேர்த்தால் துண்டு விழுந்தது.

காரியதரிசி தாளைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஏம்மா, சங்கத்தைப் பிச்சைக்காரனாக்கிப்புட்டியே. இதை மீட்டிங்குல வைக்கவா? பாக்கிறவுக ஒருத்தரும் தரமாட்டாக."

"கிணத்துப் பணத்தை அரிசிக்குப் போடக் கூடாதுங்க ஐயா."

"யாரு போடச் சொன்னது? ஒரு கைமாத்துத்தான். ரெங்கூன் நன்கொடை வந்ததும் திருப்பி வச்சிருவோம்."

"யுத்தத்துல ரெங்கூன்லேருந்து கடுதாசியே வரலைங்களே. பணம் எங்கிட்டுருந்து வரும்?"

அவர் ஜன்னலைக் காட்டினார். "அப்ப நீயே போயி அந்த ஆளுகிட்டச் சொல்லு, 'என் கோடு ஒங்க மகளைச் சேக்க விடமாட்டேங்குது'ன்னு. வாய்தான் இருக்கே ஒனக்கு."

என்னால் போக முடியவில்லை. உட்காரவும் முடியவில்லை. அந்தப் பெண் என்னைப் போலவே முதல் ஆளாகப் படிக்க வந்தவள் என்று எனக்குத் தெரியும். நான் போட்ட கோட்டை நானே அழித்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. பேனாவைத் திறந்தேன், மூடினேன். மைக்கூட்டை இங்கிட்டும் அங்கிட்டும் நகர்த்தினேன்.

மீட்டிங்குக்கு ஆச்சியும் வந்தார். வெள்ளைச் சேலை, கையில் விசிறி. இறந்துபோன மகளின் நினைவாகக் கிணறு. அதனால் வந்ததும் முதல் கேள்வி கிணற்றைப் பற்றித்தான்.

"எம் பணம் எங்க இருக்கு?"

காரியதரிசி வாய் திறப்பதற்குள் நான் இடப்பக்கத்தைப் படித்துக் காட்டினேன். வந்த தொகை, கிணற்றுக்கு அளவு பார்த்தவருக்குக் கொடுத்த கூலி, மீதி. மீதி அப்படியே அடுத்த வருஷத்துக்கு. ஆச்சி தலையை அசைத்தார்.

"ஒரு அம்மன் காசு, ஒத்தச் சல்லி வேற எதுக்கும் போகலையே?"

"போகலைங்க ஆச்சி."

கேட்டுவிடுவது என்று துணிந்தேன். "ஆச்சி, பொதுவுல பணம் பத்தலை. வெளியில ஒரு பிள்ளை காத்துக்கிட்டிருக்கு. கிணறு எப்ப வெட்டுறதுன்னே தெரியலை. அதுலேருந்து கொஞ்சம் சாப்பாட்டுக்கு எடுத்துக்கலாம்னு நீங்க சம்மதிச்சு எழுதிக் குடுத்தா..."

"முடியாது." விசிறி நின்றது. "அது எம் மக தண்ணி. அரிசியாக் கரைக்க மாட்டேன்."

"அப்ப பொதுவா ஏதாச்சும்..."

"பொதுவான்னா? எதுக்குப் போச்சுன்னு தெரியாமக் குடுக்கிறதா? அது நம்ம வீட்டுல பழக்கமில்ல ஆத்தா."

காரியதரிசி கூரையைப் பார்த்தார். ஆச்சி எழுந்து, விடுதியைச் சுற்றிப் பார்க்கிறேன் என்று சமையல்கட்டுப் பக்கம் நடந்தார். நானும் பின்னால் போனேன். உள்ளே ஈர விறகு புகைந்துகொண்டிருந்தது. சமையல்காரம்மாள் கண்ணைத் துடைத்தபடி ஊதுகுழலை ஊதிக்கொண்டிருந்தார்.

"ஏன் புள்ள, கருவேல வெறகு வாங்கக் கூடாதா?"

"வெலை கூடங்க ஆச்சி. பொதுவுலேருந்துதான் வாங்குறோம்" என்றேன் நான்.

"எங்க மாமனார் கோயில் மடப்பள்ளிக்கே வெறகுக் கட்டளை வச்சிருக்காக. இங்க ஒரு கட்டளை வைக்க ஆளில்லையா?" இருமினார். "ஒரு வருஷத்து வெறகு எம் பொறுப்பு. வெறகுக்கு மட்டும். எழுதிக்க."

எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. மறுபடியும் ஒரு கட்டளை. மறுபடியும் தொட முடியாத பணம். ஆபீஸுக்குத் திரும்பி எரிச்சலோடு இடப்பக்கம் 'விறகு' என்று எழுதினேன். வலப்பக்கம் பார்த்தபோதுதான் உறைத்தது. அங்கேயும் விறகு இருந்தது! வருஷம் முழுவதற்கும் பொதுப் பணத்திலிருந்து ஒதுக்கிய விறகு. அந்தச் செலவை இனி இடப்பக்கம் தாங்கும். வலப்பக்கத்தில் அதை அடித்துவிட்டுக் கூட்டினேன். மறுபடி கூட்டினேன். அன்னவாசல் பிள்ளையின் ஒரு வருஷச் சாப்பாட்டுக்கு அது போதும். கொஞ்சம் மிஞ்சவும் செய்யும்.

திரும்பி வந்த ஆச்சியிடம் மறைக்காமல் சொன்னேன்: "நீங்க வெறகு குடுத்ததால பொதுவுல எடம் விழுந்திருக்கு. அதுல அந்தப் பிள்ளையைச் சேக்கிறோம்."

"எம் பணம் வெறகுக்குத்தானே போகுது?"

"வெறகுக்கு மட்டுந்தான். மிஞ்சினாலும் அடுத்த வருஷ வெறகுக்குத்தான்."

"பெறகு ஒங்க பொதுவை நீங்க என்ன பண்ணுனா எனக்கென்ன."

கமிட்டி இரண்டு பத்தியையும் அப்படியே நிறைவேற்றியது. காரியதரிசி மட்டும், இரண்டையும் கூட்டி அடியில் ஒரு பெரிய தொகை போட்டால் பார்க்க லட்சணமாக இருக்கும் என்றார். மாட்டேன் என்றேன். "சரி, போகட்டும்" என்று கையெழுத்துப் போட்டார்.

வேப்பமரத்தடிக்கு ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். சேர்த்தாயிற்று என்றதும் அந்தப் பெண் பெட்டியிலிருந்து குதித்தாள். தகப்பனார் நம்பாமல் கேட்டார்: "யாரு பணந் தாயி?"

"பொதுப் பணங்க."

"பொதுன்னா யாரு?"

"மாசாமாசம் சந்தா தர்றவுக, பிடியரிசி போடுறவுக, எல்லாருந்தான்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். நன்றி சொல்ல ஒரு முகம் வேண்டியிருந்தது அவருக்கு. அந்த நேரம் பார்த்துக் காரியதரிசி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கி வந்தார். தகப்பனார் தடாலென்று அவர் காலில் விழுந்தார். வக்கீல் பின்வாங்கவுமில்லை, இதில் தனக்குப் பங்கில்லை என்று சொல்லவுமில்லை; "நல்லாப் படிக்கச் சொல்லுங்க" என்று ஆசீர்வதித்துவிட்டு வண்டியில் ஏறினார்.

நான் பெட்டியின் ஒரு பக்கக் கைப்பிடியை வெடுக்கென்று பிடித்துத் தூக்கினேன். "வா" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். என் குரல் ஏன் அத்தனை கடுமையாக இருந்தது என்று அவளுக்குப் புரிந்திருக்காது.