மேசைமேல் ஒரு கைப்பை

மருந்துக் கணக்கெழுதும் கொப்பியைக் கணினியில் ஏற்றும் வேலையை டொக்டர் என்னிடம் தந்தபோது நான்கு நிரல் போதும் என்றார்: மருந்து, அளவு, வழங்கியது, மீதி. திங்கட்கிழமை மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். நான் அந்தக் கிளினிக்கில் எழுத்து வேலைக்கு இருப்பவள். எடுத்த வேலையைப் பாதியில் விடும் பழக்கமில்லை, பொறுமையும் கிடையாது.

கொப்பி முழுவதும் மருந்து கொடுக்கும் ராத்தாவின் கையெழுத்து. வயதில் மூத்தவர் என்பதால் கிளினிக்கில் எல்லாருக்கும் அவர் ராத்தாதான். அவரது ஒன்றும் ஏழும் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் கணக்கே காட்டிக்கொடுத்துவிடும். முந்தைய மீதி 430, அடுத்த மீதி 400 என்றால், நடுவில் கிறுக்கியிருப்பது 30 தான், வேறொன்றாக இருக்க வழியில்லை. சிவப்பு மையில் எழுதிய வரவைக் கூட்டி, வழங்கியதைக் கழித்து, ஒவ்வொரு வரியின் மீதியையும் சரிபார்த்தேன். இரண்டு நாளில் எல்லாப் பக்கமும் பொருந்தியது. எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

மூன்றாம் நாள் மருந்தறைத் தட்டிலிருந்த மருந்தை எண்ணினேன். தைரொக்சின் 50 மைக்ரோகிராம் கொப்பியில் 340, தட்டில் 280. அறுபது குளிசை இல்லை. அதே மருந்தின் 100 மைக்ரோகிராம் கொப்பியில் 120, தட்டில் 150. கூட இருப்பதை யார் கேட்கப் போகிறார்கள் என்று அதைக் கடந்துபோனேன்.

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு வெளியே நிந்தவூரிலிருந்தும் மாவடிப்பள்ளியிலிருந்தும் வந்த சனம் வரிசையில் நிற்க, நான் கேட்டேன்:

“ராத்தா, தைரொக்சின் அம்பதுல அறுபது குறையுது. எங்க போச்சு?”

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ராத்தா என்னைப் பார்த்தார். தன் கைப்பையை எடுத்து மருந்து கொடுக்கும் பலகையில் கவிழ்த்தார். தஸ்பீஹ் மணி, மூக்குக் கண்ணாடி, மடித்த குடை, பாதி பிஸ்கட் பக்கற்.

“பாத்துக்கங்க புள்ள,” என்றார். “வேற ஒண்டும் இல்ல.”

நான் கள்ளி என்று சொல்லவில்லை. ஆனால் நான் கேட்ட விதம் எல்லாருக்கும் அப்படித்தான் பட்டிருக்கும். டொக்டர் அவரிடம் விளக்கக் கடிதம் கேட்டார். ஓய்வுக்கு இரண்டு மாதம் இருந்த மனுசி, வெள்ளைத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு எழுதத் தொடங்காமலே இருந்தார். கடிதம் போகுமுன் அறுபதையும் கண்டுபிடிப்பது என்று முடிவெடுத்தேன்.

இம்முறை என் கணினித் தாளை மூடிவிட்டுக் கொப்பியை மட்டும் வாசித்தேன். 50 மைக்ரோகிராம் பக்கத்தில் ஒன்றும் இல்லை. அப்போதுதான் கூட இருந்த முப்பது உறுத்தியது. 100 மைக்ரோகிராம் பக்கத்தை வரி வரியாக விரலால் தடவிக்கொண்டு போனேன். நடுவில் ஒரு வரி: வழங்கியது 30. அதன் ஓரத்தில், எறும்பு அளவில், ‘50 - 2 வீதம்’. முதல் தடவையும் இதைப் பார்த்திருந்தேன். நான்கு நிரலில் எதிலும் அடங்காததால் விட்டிருந்தேன்.

கொப்பியைத் தூக்கிக்கொண்டு ராத்தாவிடம் போனேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

“ஓம், அண்டைக்குத் தட்டுல நூறு முடிஞ்சிருந்திச்சி. புதுசு வந்து கொப்பில ஏத்தின, பெட்டி ஒடைக்கல்ல. பாலமுனைப் பொம்புளைக்கு ஒரு மாசத்துக்கு அம்பதுல நாளைக்கு ரெண்டு ரெண்டாக் குடுத்த. டொக்டர்ட துண்டுல நூறு எண்டு இருந்திச்சி, அந்தப் பக்கத்துல எழுதிட்டன்.”

“அம்பதுப் பக்கத்துல அறுபது எண்டு எழுதியிருக்கணும், ராத்தா.”

“ஓம். அது என்ட பிழை.”

நோயாளிக்குப் போன மருந்து சரி, பக்கம்தான் பிழை. 100இன் மீதி 150 ஆனது, 50இன் மீதி 280 ஆனது, இரண்டும் தட்டோடு பொருந்தின. பழைய எண்களை அழிக்காமல் ஒற்றைக் கோடு போட்டு வெட்டி, சரியானதைப் பக்கத்தில் எழுதி, இருவரும் கையெழுத்து வைத்தோம். கணினித் தாளில் ‘குறிப்பு’ என்று ஐந்தாவது நிரலைச் சேர்த்தேன். நாலு போதாதா என்ற டொக்டரிடம் போதாது என்றேன். கடிதம் வேண்டாம் என்றும் அவர் வாயாலேயே சொல்ல வைத்தேன்.

பிறகு அதே ஜன்னலுக்குப் போனேன். அப்போதும் வரிசை இருந்தது. முன்பு கேட்ட அதே சத்தத்தில் சொன்னேன்:

“ராத்தாட கணக்குச் சரி. ஒண்டும் குறையல்ல. நான்தான் சரியா வாசிக்கல்ல.”

யாரோ ஒருவர் தலையாட்டினார். மற்றவர்கள் துண்டை நீட்டிக்கொண்டு நின்றார்கள். நான் கேட்ட நாளில் நின்ற முகம் ஒன்றுகூட அந்த வரிசையில் இல்லை.

அடுத்த நாள் காலையில் ராத்தா வந்ததும் தன் கைப்பையை என் மேசையில் வைத்தார்.

“உள்ளுக்குக் கொண்டு போங்க, ராத்தா. அதான் எல்லாம் சரியாப் போச்சே.”

“இரிக்கட்டும் புள்ள,” என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு மருந்தறைக்குள் போனார். ஓய்வு பெறும் நாள்வரை அந்தப் பை என் மேசையில்தான் இருந்தது.