பந்தி வாசல்

எழுபதுகளில், திருவள்ளூர்ச் சத்திரத்தில் என் தங்கையின் கல்யாணம். அழையாமல் சாப்பிட வருகிறவர்களைச் சத்தமில்லாமல் கழற்றிவிட என்னைப் பந்தி வாசலில் நிறுத்தியிருந்தார்கள். யாரையும் முகத்துக்கு நேராகப் போகச் சொல்ல முடியாது. அவர் மாப்பிள்ளை வீட்டு ஆளாக இருந்துவிட்டால் தொலைந்தோம். குறை கண்டுபிடிக்கவே வந்த கூட்டம் அது.

டெரிலின் சட்டையும் சென்ட் வாசனையுமாக ஒருவன் வந்தான். ஊத்துக்கோட்டையில் யாரோ ஒருவர் கல்யாணத்திலும் இந்த மூஞ்சியை முதல் பந்தியில் பார்த்திருக்கிறேன்.

“நீங்க எந்த ஊடு?”

“மாப்ள ஊடு” என்றான், இலைகளைப் பார்த்துக்கொண்டே.

“வாங்க, சம்பந்தி தேடிக்கினு இருக்காரு” என்று அவன் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் அப்பாவிடம் இழுத்துப்போனேன். இப்படிச் செய்தால் வழக்கமாகப் பாதி வழியில் நழுவிவிடுவார்கள். இந்தத் தடியன் நழுவவில்லை. கும்பிட்டான். நானே கைபிடித்து அழைத்துவந்ததால், அவனை எங்கள் வீட்டுப் பெரிய மனுஷன் என்று நினைத்துவிட்டார் சம்பந்தி. தன் பக்கத்து இலையிலேயே உட்காரவைத்தார்.

வாயைத் திறந்தால் ரகளை. பல்லைக் கடித்துக்கொண்டு நானே அவனுக்குப் பாயசம் ஊற்றினேன்.

இரண்டு முறை வாங்கிக் குடித்துவிட்டு அப்பளத்தைத் தொட்டுப் பார்த்தான்.

“இன்னாப்பா, அப்பளம் நமுத்துப் பூட்ச்சே!”

சம்பந்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நாங்க சொன்னா தப்பு. உங்க ஊட்டு ஆளே சொல்றாரு, கேட்டுக்கோங்க.”