கதவைச் சாத்திட்டுப் போ

கண்ணாடிக் கடையின் பின்னறையில் சாணைச் சக்கரத்தில் லென்ஸைப் பிடித்திருக்கும்போது அவள் முனகுவாள்: "போ. கதவ சாத்திட்டுப் போ. சாவிய வச்சிட்டுப் போ." ஒவ்வொரு 'போ'வுக்கும் லென்ஸ் ஒரு சுற்று திரும்பும். வாடிக்கையாளர் யாராவது தங்களைத்தான் விரட்டுகிறாள் என்று எழுந்துவிட்டால், முதலாளி ஓடிப்போய்ச் சமாதானம் செய்வார்.

ஆறு வருடம் கூட இருந்தவன், மழை நாளில் அவள் குடையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். தோழிகள் கண்ணைத் துடைத்துக்கொள்ளத் துணியோடு வந்தார்கள். அழுகை வரவில்லை, பாட்டு வந்தது.

ஞாயிறுதோறும் பாடும் மூவர் குழு அவளுடையது. டிரம்ஸ் வாசிப்பவர் அக்காவின் கணவர், பஸ் ஓட்டுகிற அத்தான். கிதார் வாசிப்பவர் வங்கிக் குமாஸ்தா. பிரிவு என்றாலே அவர் விரல்கள் தானாகச் சோக ராகத்துக்குப் போய்விடும். "அழுகாச்சி வேண்டாம்" என்று அவள் நிறுத்தினாள். சரணத்தில் நெருக்கமாகச் சொற்களை அடைத்தாள், மூச்சு விட இடமில்லாமல்: குடை, பொய், பாதியில் வைத்த போன். பல்லவிக்கு மட்டும் குட்டைச் சொற்கள். 'போ' விழும் இடத்தில் டிரம்ஸும் விழவேண்டும். நீட்டினால் கெஞ்சலாகிவிடும் என்பது அவள் கட்சி.

சிக்கல் கடைசிச் சரணத்தில்தான். அவன் உருப்படமாட்டான் என்று முடித்திருந்தாள். அத்தான் குச்சிகளைக் கீழே வைத்தார்.

"இவ்வளவு சாபம் விடுறன்னா, ஆளு இன்னும் உள்ளதான் இருக்கான்."

இரண்டு ஞாயிறு அத்தானோடு பேச்சில்லை. மூன்றாவது ஞாயிறு வந்து, டிரம்ஸை நிறுத்தச் சொல்லி, கிதாரில் ஒரே கம்பியை மீட்டச் சொல்லி, தாழ்ந்த குரலில் பாடினாள்:

"உன் சட்டை ஒண்ணு இங்க கெடக்கு,
ஜன்னல் தொடைக்க நல்லாருக்கு."

அதோடு சரி. பல்லவி திரும்ப வந்தால்தானே கைதட்டுவார்கள் என்று குமாஸ்தா மன்றாடிப் பார்த்தார்.

"மறுபடி கத்தினா, அந்தச் சட்டைய நான் இன்னும் மோந்து பாக்குறேன்னு அர்த்தம் சார்."

ஓர் அலுவலக ஆண்டு விழாவில் அரங்கேறியது. பல்லவியில் கூட்டமே சேர்ந்து 'போ' என்றது. மனைவியோடு வந்திருந்த மேலாளர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினார். கடைசிச் சரணம் முடிந்ததும் பல்லவிக்காகக் காத்திருந்து, அது வராதென்று புரிந்து, தாமதமாகக் கைதட்டினார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு, குடையோடு போன அவன் மேடையேறி வந்தான். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு வந்திருக்கிறான். கோபமில்லை, முகத்தில் பரிசு வாங்கியவனின் பூரிப்பு.

"என்னைத்தானே எழுதியிருக்க? நல்லாருக்கு, போ."

மைக் வயரைக் கையில் சுற்றிக்கொண்டே வந்தவள், அவன் காலருகில் நின்றாள்.

"கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? வயர் மேல நிக்கிறீங்க."

அவன் காலை எடுத்தான். அவள் மிச்ச வயரையும் சுற்றிப் பெட்டியில் வைத்தாள்.