நாலு ரீமும் நான் விட்ட நூறு தாளும்

அன்று பதுளை அச்சகத்தில் மூன்று பேர் இருந்தோம்: மெஷின் ஓட்டும் அண்ணன், லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து வேதக் கோயிலின் உபதேசியார், கணக்குப் போடும் நான். முதலாளி இல்லை. அப்புத்தளையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

உபதேசியார் ஆயிரம் பாட்டுப் புத்தகத்துக்கான தாளைக் கொழும்பிலிருந்து ரயிலில் கொண்டுவந்து இறக்கினார். இளமஞ்சள் தாள், நாலு ரீம். பதுளையில் அது கிடைக்காது.

"நீங்க எழுதிக் குடுத்த மாதிரியே வாங்கியாந்துட்டேன் தம்பி. ஆயிரம் குடும்பம் காசு கட்டியிருக்கு. ஞாயித்துக்கிழமை திருநாள்."

ஒரு புத்தகத்துக்கு இரண்டு பெரிய தாள். ஆயிரத்துக்கு இரண்டாயிரம், அதாவது ஐந்நூறு தாள் கொண்ட ரீம் நாலு. கணக்கு சரிதான். ஆனால் மெஷினை ஒழுங்குபடுத்தும்போது வீணாகும் தாளுக்காக நூற்றுக்கு ஐந்து கூட்டிச் சொல்ல வேண்டும். அந்த நூறு தாளை நான் எழுதவே இல்லை. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான். வகுத்தல் பெருக்கலில் தப்பே வராது என்ற நினைப்பு.

அண்ணன் ரீம்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"படிச்ச தொரைக்கு வேஸ்ட் தாளு வானத்துல இருந்து விழுமோ?"

"என்னாங்க, பத்தாதா?" என்றார் உபதேசியார்.

"இப்புடியே அடிச்சா அம்பது வீட்டுக்குப் பொஸ்தகம் இல்லீங்க" என்றேன். சொல்லும்போதே காது சுட்டது.

அவர் ரீம்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். எந்த ஐம்பது வீட்டை விடுவது என்று யோசித்திருப்பார்.

எடைக்குப் போடக் கட்டிவைத்திருந்த பழைய வீண் தாள்கள் பின்னறையில் கிடந்தன. அளவுகோலும் கையுமாக உட்கார்ந்தேன். அதே அளவு, அதே கனத்தில் முந்நூற்றுச் சொச்சம் தேறியது.

"அண்ணே, மையும் எடமும் சரியாகுற வரைக்கும் இதுல ஓட்டுங்க. முன்பக்கம் விழுந்த வீண் தாள வச்சே பின்பக்கத்தையும் சரி பண்ணலாம். நல்ல தாள அப்புறமா ஏத்துவோம்."

"அடேய், இது முன்னாடியே தெரியாமப் போச்சே ஒனக்கு!" என்று சிரித்தபடி சட்டைக் கையை மடித்தார்.

கெடும் தாளுக்குக் காப்பாக, புத்தகத்தின் முதல் தாளுக்கு ஒன்று, இரண்டாம் தாளுக்கு ஒன்று என்று பிரித்த ஒவ்வொரு ஆயிரம் தாள் அடுக்கின் அடியிலும் எங்கள் கடையின் வெள்ளைத் தாள் பத்து வைத்தேன். அண்ணன் மெஷின் பக்கத்தை விட்டு அசையவில்லை. முதல் அடுக்கில் நாலு தாள் கெட்டது. இரண்டாவதில் ஏழு.

மடித்துச் சேர்த்து எண்ணினோம். ஆயிரத்து மூன்று!

"எண்ணுங்க, இன்னொருக்கா எண்ணுங்க" என்று உபதேசியாரே மறுபடி எண்ணினார். ஆயிரத்து மூன்றுதான். கடைசிச் சில புத்தகங்களில் மட்டும் வெள்ளை கலந்திருந்தது. "அத கோயிலுக்கே வச்சுக்கிறோம் தம்பி" என்றார். அண்ணன் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். சட்டையில் ஐந்து விரலும் மையாகப் பதிந்தன. அன்று அதைப் போட்டுக்கொண்டே பஸ்ஸில் நெஞ்சு நிமிர்த்தி வீட்டுக்குப் போனேன்.

வெள்ளைத் தாள் இருபது, ஒன்று முப்பது ரூபாய். நானும் அண்ணனும் பாதிப் பாதி போட்டு முதலாளியிடம் கட்டியது அறுநூறு ரூபாய்.