சி-பதினாலு கைமாறிய கதை

மாட்டுங்காவில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற விசாலாக்ஷிக்குப் புகார் எழுதுவது மூச்சு விடுவது மாதிரி. நுரையீரல் கெட்டு, மூச்சே தகராறு செய்த இந்த எட்டு மாதத்திலும் புகார் மட்டும் தங்குதடையில்லாமல் வந்துகொண்டிருந்தது. மூக்கில் ஆக்ஸிஜன் குழாய், மடியில் அட்டை, அட்டையின் மேல் வெள்ளைத்தாள். தேதி, மணி, நிமிஷம் போடாமல் அவள் ஒரு கடிதமும் தொடங்கியதில்லை.

அவள் ஒரு பாடகரின் ரசிகை. பாடகர் யார் என்பது இங்கே வேண்டாம். பெயரைச் சொன்னால் பாதிப் பேர் சண்டைக்கு வருவார்கள், மீதிப் பேர் பாட ஆரம்பித்துவிடுவார்கள். அவருக்கு மும்பையில் இருந்த முந்நூறு பேர் கொண்ட ரசிகர் குழுவின் செயலாளர் விசாலாக்ஷி. புருஷன் வேங்கடசுப்ரமணியன் அந்தக் குழுவை "உன் சர்க்கார்" என்பார். அந்தச் சர்க்காரில் அவருக்குக் கிடைத்த இலாகா, தபால் தலை ஒட்டுவது.

மூன்று வருஷம் முன்பு செம்பூரில் நடந்த கச்சேரியின் வாசலில்தான் அவள் கனகவள்ளியைப் பார்த்தாள். தாராவியில் சிப்ஸ், முறுக்குக் கடை வைத்திருப்பவள். யாரிடமோ இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்கிய டிக்கெட்டின் படம் கைபேசியில் இருந்தது. வாசல் கருவி சிவப்பு காட்டியது. அதே குறியீட்டைக் காட்டி வேறு யாரோ ஏற்கெனவே உள்ளே போயிருந்தார்கள். பின்னால் வந்த இன்னும் நாலு பேர் கையிலும் அதே படம். கனகவள்ளி அழவில்லை. கருவியைப் பிடித்திருந்தவனிடம், "தம்பி, இன்னொரு மட்டம் அமுக்கிப் பாரும்" என்று பத்து மட்டம் சொன்னாள். விசாலாக்ஷி அன்று உள்ளே போகவில்லை. சுவருக்கு வெளியே, பாதையோரக் கல்லில் அவளோடு உட்கார்ந்து, காற்று எடுத்துவந்த பாட்டை மட்டும் கேட்டாள். மறுநாள் காலை முதல் கடிதம்.

அமைப்பாளர்களுக்கு மொத்தம் இருபத்தாறு கடிதம் போனது. இருபத்தேழாவதுக்குப் பயந்தோ என்னவோ, கூப்பிட்டுப் பேசினார்கள். பேச்சின் முடிவில் விதி பிறந்தது. ஓர் அடையாள அட்டைக்கு ஒரு டிக்கெட், குலுக்கலில். போக முடியாதவர் டிக்கெட்டைச் செயலியில் திருப்பிப் போடலாம். வாங்கிய விலைக்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் செயலி ஏற்காது. அது காத்திருப்போர் வரிசையில் முதலில் நிற்பவருக்குப் போகும். அவர் முப்பது நிமிஷத்துக்குள் ஏற்றுப் பணம் கட்டினால் பழைய குறியீடு அந்த நொடியே செத்துப்போகும். அவர் பெயரில் புதுக் குறியீடு பிறக்கும். ஏற்காவிட்டால் அடுத்தவருக்கு. விட்டவர் வரிசைக்குக் கடைசி.

"நண்பருக்கு நேரா கொடுக்கன்னு ஒரு பட்டனும் வைக்கலாமே மேடம்?" என்று அந்த அலுவலகத்துப் பையன் கேட்டான்.

"வேண்டாம். பிளாக்ல விக்கறவனுக்குத்தான் ஊர்ல ஜாஸ்தி நண்பர்கள். பட்டன்ல டிக்கெட் போகும், படிக்கட்டுல பணம் கைமாறும்" என்றாள் விசாலாக்ஷி.

பட்டன் வைக்கவில்லை. அன்று கனகவள்ளி ஒரு கிலோ நேந்திரங்காய் சிப்ஸோடு வந்து, "யக்கா, நீங்க கலெக்டரா இருக்க வேண்டிய ஆளு" என்றாள். விசாலாக்ஷி அதை மறுக்கவில்லை.

இந்தச் சனிக்கிழமைக் கச்சேரிதான் பாடகருக்கு மும்பையில் கடைசி என்று அவரே அறிவித்துவிட்டார். குலுக்கலில் விசாலாக்ஷிக்கு சி வரிசை பதினாலாம் இருக்கை விழுந்தது. கனகவள்ளிக்குக் காத்திருப்பு, நூற்றுப் பன்னிரண்டு. தினம் கடை திறந்ததும் அவளிடமிருந்து போன் வரும். "அறுவதுக்கா." "முப்பத்தொண்ணுக்கா." "இன்னைக்கு அப்பிடியே நிக்கிக்கா, ஒரு பயலும் திருப்பிப் போடல, நாசமாப் போவானுவ."

திங்கட்கிழமை டாக்டர் சொன்னார்: கூட்டம் கூடாது, மாடிப்படி கூடாது. விசாலாக்ஷி, "அடுத்த வருஷம்?" என்று கேட்டாள். டாக்டர் மேஜைமேல் இருந்த பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டினார். அவளுக்குப் புரிந்தது.

கனகவள்ளியிடம் சொல்லவில்லை. சொன்னால், "நீங்க இல்லாம நான் மட்டும் என்னத்துக்குப் போவ?" என்று வருகிற டிக்கெட்டையும் விட்டுவிடுவாள். அதோடு, இன்ன நேரத்தில் திருப்பிப் போடப்போகிறேன் என்று ஒருத்திக்கு மட்டும் ரகசியம் சொல்வது செயலாளருக்கு அழகா? விதியை உடைக்காமல், கனகவள்ளி வரிசையில் முதலில் வரும்வரை காத்திருந்து, விதியின் கையாலேயே கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தாள். வியாழன் மாலை ஆறு மணியோடு திருப்பிப் போடுவது நின்றுவிடும்.

வியாழன் மத்தியானம் மூன்று மணிக்குப் போன் வந்தது. "யக்கா! ஒண்ணாம் நம்பரு! எனக்கு முன்னால ஒரு ஈ, காக்கா கெடையாது!"

"போனைக் கையிலயே வெச்சுக்கோடி."

"எண்ணெ காயிதுக்கா, அப்பொறம் பேசுதேன்."

மூன்று ஐந்துக்கு விசாலாக்ஷி சி-பதினாலைத் திருப்பிப் போட்டாள். 'காத்திருப்பவருக்கு அனுப்பப்பட்டது' என்று வந்தது. பக்கத்தில் முப்பது நிமிஷம் இறங்குமுகமாக ஓடத் தொடங்கியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முகத்தில் ஒரு திருட்டுச் சந்தோஷம்.

மூன்று பதினொன்றுக்கு ரசிகர் குழுவில் ஒரு செய்தி. கனகவள்ளி அனுப்பியிருந்தாள். 'உங்கள் முறை வந்துவிட்டது, முப்பது நிமிடத்துக்குள் செயலியைத் திறந்து ஏற்கவும்' என்று தனக்கு வந்ததைப் படம் பிடித்துப் போட்டு, கீழே தமிழில் எழுதியிருந்தாள்: 'இது பிராடு. ஒண்ணாம் நம்பர் வந்த அஞ்சாவது நிமிஷமே டிக்கெட்டாம். டிக்கெட் இருக்குன்னு மெசேஜ் வந்தா தொடாதீங்க, உடனே அழிச்சிருங்கன்னு நம்ம செயலாளர் அக்கா சொல்லித் தந்திருக்காங்க. நான் அழிச்சிட்டேன். யாரும் ஏமாறாதீங்க.' அதற்குப் பதினேழு பேர் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள்.

சொல்லித் தந்தது உண்மைதான். ஏமாந்த கனகவள்ளிக்காகவே மூன்று வருஷமாக வாராவாரம் சொல்லித் தந்தது.

விசாலாக்ஷி போன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி, மறுபடி. சிப்ஸ் போடும்போது கனகவள்ளியின் கைபேசி கல்லாப்பெட்டிக்குள் பூட்டியிருக்கும். எண்ணெய்க் கையால் தொடமாட்டாள். குழுவில் எழுதினாள்: 'கனகா, அது நிஜம்.' கல்லாப்பெட்டிக்குள் கிடக்கும் கைபேசியில் அதை யார் படிப்பது?

"ஏன்னா! டாக்ஸி பிடிச்சுண்டு தாராவிக்கு ஓடுங்கோ. கனகாட்ட அந்த ஆப்பைத் திறக்கச் சொல்லுங்கோ. மூணு முப்பத்தஞ்சுக்குள்ள!"

"சட்டையை மாத்திண்டு..."

"பனியனோட போங்கோ!"

எழுபத்தொரு வயது வேங்கடசுப்ரமணியன் முப்பது வருஷத்துக்குப் பிறகு படி இறங்கி ஓடினார். திருப்பிப் போட்டதை விசாலாக்ஷியால் நிறுத்தவும் முடியவில்லை. ஒருவருக்குப் போய்ச்சேர்ந்த டிக்கெட்டை இடையில் பிடுங்கக் கூடாது என்பது, இருபத்து மூன்றாவது கடிதத்தில் அவளே கேட்டு வாங்கியது. நிமிஷம் இறங்கியது. ஒன்பது. நாலு. ஒன்று.

'அடுத்தவருக்கு அனுப்பப்பட்டது.'

அடுத்த நிமிஷமே: 'உங்கள் டிக்கெட் ஏற்கப்பட்டது. புதிய டிக்கெட் வழங்கப்பட்டுவிட்டது. உங்கள் பழைய குறியீடு இனிச் செல்லாது.' சி-பதினாலு சாம்பல் நிறமாகியது. எல்லாம் விதிப்படி நடந்திருந்தது. புகார் எழுத ஓர் இடுக்குக்கூட இல்லை.

நாலரை மணிக்கு அவர் திரும்பினார். கையில் கால் கிலோ சிப்ஸ்.

"நான் போறச்சே மூணு முப்பத்தொம்பது. சிக்னல்ல நின்னுடுத்து. என்ன சார் இந்தப் பக்கம்னா. என்ன சொல்றது? சிப்ஸ் வாங்க வந்தேன்னுட்டேன்" என்றார்.

"போன் பண்ணினதுக்கு என்ன சொன்னேள்?"

"கல்லாவைத் திறந்தப்போ உன் நம்பரைப் பார்த்துக் கேட்டா. தெரியாம கை பட்டிருக்கும்னேன், மறுபடி உள்ளயே வெச்சுப் பூட்டிட்டா."

கனகவள்ளி படிப்பதற்குள், விசாலாக்ஷி குழுவில் எழுதியிருந்ததை அழித்தாள். எழுதியதை அவளே அழித்தது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கனகவள்ளி மல்லிகைப்பூவும் இஸ்திரி போட்ட சேலையுமாக வந்தாள். அக்காவை நாற்காலியோடு தூக்கி டாக்ஸியில் ஏற்றி, செம்பூர் வாசல்வரை கொண்டுபோய் விடுவதாகத் திட்டம்.

"கெளம்பலியாக்கா? கீழ டாக்ஸி நிக்கி."

"நான் போகலைடி. டாக்டர் கூடாதுன்னுட்டார். டிக்கெட்டைத் திருப்பிப் போட்டுட்டேன்."

கனகவள்ளி பூவைக் கட்டில் ஓரத்தில் வைத்தாள். "எப்பம் போட்டிய?"

"செவ்வாக்கிழமை."

"செவ்வா எத்தன மணிக்கு?"

நிமிஷம் பிசகாமல் எழுதிய கை போர்வையின் ஓரத்தை மடித்தது. "காலம்பற. சரியா ஞாபகம் இல்லை."

 கனகவள்ளி டாக்ஸியை அனுப்பிவிட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். "அந்தக் கல்லுல இருந்து கேட்ட மாதிரி இங்க இருந்து கேப்போம், யாராவது போன்ல அனுப்பாமலா போயிருவாவ?" என்றாள்.

ஏழு மணிக்கு இரண்டு கைபேசியும் ஒன்றாகச் சிணுங்கின. குழுவில் ஒரு படம்: மேடை, வெளிச்சம், மிகப் பக்கத்தில். அனுப்பியது அம்மு. முலுண்டில் பிறந்து வளர்ந்த கல்லூரிப் பெண், குழுவுக்குப் புதிது. கூடவே ஒரு குரல் பதிவு. கனகவள்ளிதான் அழுத்தினாள்.

"ஹாய் ஆன்ட்டீஸ்! மை ஃபர்ஸ்ட் கான்சர்ட்! நான் வெயிட்டிங்ல செகண்ட் இருந்தேன் நா, தேர்ஸ்டே மூணரைக்கு மேல அச்சானக், சடனா வந்துது. சி ஃபோர்டீன்! க்ரூப்ல ஏதோ தமிழ்ல லம்பா, நீளமா ஒரு மெசேஜ் இருந்துது, எனக்குத் தமிழ் படிக்க வராது, சோ நேரா ஆப் திறந்து எடுத்துட்டேன். யார் குடுத்தாளோ, தேங்க் யூ ஸோ மச்!"

பின்னணியில் பாடகர் முதல் பாட்டை எடுத்திருந்தார். பதிவு அங்கே அறுந்தது.

கனகவள்ளி கைபேசியைக் கவிழ்த்து மடியில் வைத்தாள். அலமாரிமேல் உறை பிரிக்காத சிப்ஸ் பொட்டலம் இருந்தது. அவள் கடையின் முத்திரை. டாக்டர் எண்ணெய்ப் பண்டத்தை நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது என்பது அவளுக்கும் தெரியும். அதையே வெகுநேரம் பார்த்தாள்.

"சார் அன்னைக்கு மூச்சு வாங்க நின்னாவ. ஏன்னு கேக்காம, நான் தராசுல போட்டு நிறுத்துக் குடுத்தேன்" என்றாள்.

 குழாய் வழியாகக் காற்று சீறிக்கொண்டிருந்தது.

"எண்ணெ காஞ்சிட்டு இருந்திச்சிக்கா" என்றாள் கனகவள்ளி. யாரிடமோ விளக்கம் கொடுப்பது போல இன்னொரு தரமும் சொன்னாள்.

விசாலாக்ஷி கையை நீட்டி அவள் மடியிலிருந்த கைபேசியை எடுத்தாள். குரல் பதிவின் கடைசி நாலு நொடியைத் தேடிப் பிடித்து, அந்தப் பாட்டு வரும் இடத்தை மட்டும் மறுபடி ஓடவிட்டாள்.