பொய்யாக அடித்த மணி

எழுபதுகளின் நடுவில், மூணாறுக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நாங்கள் ஒரு எலக்ட்ரானிக் பெட்டி பொருத்தியிருந்தோம். இலை உலர்த்தும் இயந்திரத்தில் சூடு மிஞ்சினால் அது மணியடிக்க வேண்டும். நாங்கள் என்றால் பாலக்காட்டு கம்பெனி ஒன்றில் இன்ஜினியர்களாக இருந்த நானும் என் சகாவும்.

பெட்டி சூடே இல்லாமல் அடித்தது. இலை உருட்டும் மோட்டாரைப் போடும்போது சில சமயம் அடிக்கும், சில சமயம் அடிக்காது.

"ஏம்மா, உங்க பெட்டிக்குப் பேய் புடிச்சிருக்கா?" என்றார் மேனேஜர். "சாயங்காலத்துக்குள்ள சரியாகலைன்னா கழட்டிருங்க."

மோட்டார் கிளம்பும்போது சென்சார் வயரின் மின்னழுத்தத்தில் நொடிப்பொழுது ஒரு துள்ளல் வருவது எங்களுக்குத் தெரியும். அதனால்தான் ஃபிளிப்-ஃபிளாப் என்ற, ஒரு நிலையைப் பிடித்து வைத்துக்கொள்ளும் சுற்றை வைத்திருந்தோம். சீராக மேலும் கீழும் போய்வரும் கிளாக் என்ற மின்துடிப்பு கீழே இறங்கும் கணத்தில் என்ன இருக்கிறதோ அதை மட்டுமே அது எடுக்கும், இடையில் வந்து போவதை விட்டுவிடும் என்று நம்பியிருந்தோம்.

"சோல்டரிங் விட்டிருக்குமோ?" என்றார் சகா.

"இல்லீங்க. விட்டிருந்தா மோட்டார் போடும்போது மட்டும் எதுக்கு அடிக்கணும்?"

சென்சார் வயரைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு பட்டனை வைத்தேன். கிளாக்கை மெதுவாக்கி, அது மேலே இருக்கும்போது எரியும்படி ஒரு விளக்கை மாட்டினேன். விளக்கு அணைந்திருந்தபோது பட்டனைத் தட்டி, கையை எடுத்தேன். ஒன்றுமில்லை. எரிந்தபோது தட்டி, உடனே கையை எடுத்தேன். விளக்கு அணைந்ததும் மணி அடித்தது.

"கைய எடுத்துட்டீங்களே, அப்புறமும் அடிக்குதே!" என்று கத்தினார் சகா.

அப்போதுதான் பிடி கிடைத்தது. ஃபிளிப்-ஃபிளாப்புக்குள் மாஸ்டர், ஸ்லேவ் என்று இரண்டு பாகங்கள். கிளாக் மேலே இருக்கும் நேரம் முழுக்க மாஸ்டரின் கதவு திறந்தே கிடக்கிறது. அப்போது ஒரு துள்ளல் வந்தால் மாஸ்டர் சுழியத்திலிருந்து, அதாவது 'அடிக்காதே' நிலையிலிருந்து, 'அடி' என்று சொல்லும் 'ஒன்று' ஆகிவிடும். திரும்பச் சுழியமாக்கும் வழியோ, வெளியே ஸ்லேவ் இன்னும் சுழியமாகவே இருப்பதால், அடைபட்டிருக்கிறது. துள்ளல் போனாலும் 'ஒன்று' போகாது. கிளாக் இறங்கியதும் ஸ்லேவ் அதை அப்படியே வாங்கி மணிக்குக் கொடுத்துவிடுகிறது.

"அப்போ கதவத் தொறந்து வைக்கிற நேரத்தக் குறைச்சுட்டா?" என்றார் சகா.

"அதேதானுங்க!"

சென்சார் வயரை மறுபடி மாட்டி, கிளாக்கின் நேரத்தைத் தீர்மானிக்கும் கண்டென்சரையும் ரெசிஸ்டரையும் மாற்றினோம். இப்போது அது மேலே நிற்பது கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு துளிதான். உண்மையான சூடு நின்று நிதானமாக இருக்கும், அதனால் அது தப்பாது. துள்ளல் அந்தத் துளி நேரத்தில் வந்து விழுவதுதான் அபூர்வம்.

மேனேஜரே மோட்டாரைப் போட்டார். அணைத்தார், போட்டார், அணைத்தார். மணி வாயே திறக்கவில்லை. பிறகு சென்சாரைச் சூடான காற்றில் நீட்டினோம். தொழிற்சாலையே அதிரும்படி அடித்தது. இலை கொட்டிக்கொண்டிருந்த பெண்கள் கை தட்டிச் சிரித்தார்கள்.

"அடிக்கட்டும்மா, நல்லா அடிக்கட்டும்!" என்றார் மேனேஜர். ஜீப்பில் மலை இறங்கும்போது நாங்கள் இருவரும் வழி முழுக்கச் சத்தமாகப் பாடிக்கொண்டே வந்தோம்.