ஐந்தாவது வரிக்கு ரசீது இல்லை

நான் வேலை பார்ப்பது செம்பூரில், பயணப் பைகள் விற்கும் ஒரு கம்பெனியின் ஸ்டோரில். பத்தாவது வரை படித்தவன். பைகளை எண்ணி ஏற்றுவதும் இறக்குவதும் என் வேலை. பேச்சு குறைவு. மாடியில் இருக்கும் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு நான் போவது அபூர்வம். போக வேண்டி வந்தால் கதவருகே நின்று, அவர்களே நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருப்பேன்.

போன மழைக்காலத்தில் ஒரு கண்காட்சிக்கு எங்கள் கம்பெனி கடை போட்டது. சாமான்களைக் கொண்டு சேர்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. சில்லறைச் செலவுகளை என் கையிலிருந்து செய்துவிட்டு, பிறகு பில் வைத்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். புறப்படுவதற்கு முந்தைய நாள் பைகளைச் சரிபார்த்தபோது இருபத்தெட்டுப் பைகளில் ஜிப் ஓடவில்லை. மேனேஜருக்குப் போன் செய்தேன். "தாராவியில உனக்குத் தெரிஞ்ச ஆளு இருக்கானில்ல, மாத்திடு" என்றார்.

தெரிந்த ஆள் என்றால் தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் பட்டறை வைத்திருக்கும் பாய். எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர், தென்காசிக்கு அருகே ஒரு ஊர். நான் அவரை பாய் என்பேன், அவர் என்னை அண்ணாச்சி என்பார். இரண்டு தையல்காரர்களை உட்காரவைத்து, சாயங்காலத்துக்குள் எல்லா ஜிப்பையும் மாற்றிக் கொடுத்தார். பை ஒன்றுக்கு ஐம்பது. பணத்தைக் கொடுத்ததும் ஒரு சின்னத் தாளில் எழுதி, கடை முத்திரை குத்திக் கொடுத்தார். பைகளை டெம்போவில் அனுப்பிவிட்டு, அந்த ரசீதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சயான் வரை மழையில் நடந்தேன். வீட்டுக்குப் போய் எடுத்தபோது அது தாளாக இல்லை. பிசைந்த மாவுபோல விரலில் ஒட்டியது.

கண்காட்சி முடிந்ததும் செலவுப் படிவத்தை நிரப்பினேன். டெம்போ வாடகை 1,800. மாட்டுங்காவில் பேனர் அச்சடித்தது 950. கயிறும் ஒட்டும் டேப்பும் 235. சுமை தூக்கிய இருவருக்குச் சாப்பாடு 360. இந்த நான்குக்கும் பில்களை வரிசையாக ஒட்டி, ஒவ்வொன்றின் மேலும் வரிசை எண் போட்டேன். ஐந்தாவது வரி, ஜிப் மாற்றியது 1,400. மொத்தம் 4,745.

ஐந்தாவதற்காகத் தனித் தாளில் விளக்கம் எழுதினேன். எங்கள் ஆபீஸில் ரசீது தொலைந்தால் அப்படித்தான். என்றைக்கு, எங்கே, எதற்காக, எவ்வளவு, ரசீது எப்படிப் போனது என்று எழுத வேண்டும். கடைக்காரர் போன் நம்பரும் வேண்டும். இதே செலவுக்கு வேறு எங்கும் பணம் வாங்கவில்லை, வாங்கவும் மாட்டேன் என்றும் எழுத வேண்டும். சொன்னது பொய்யானால் ஒழுங்கு நடவடிக்கைக்குச் சம்மதம் என்று கடைசியில் அச்சிட்டிருக்கும். அதற்குக் கீழே கையெழுத்து. மேனேஜரும் போட்டார். நான்குமுறை எழுதிப் பார்த்துத்தான் கொடுத்தேன். மழையில் நனைந்தது என்பதை எழுதும்போது, பள்ளிக்கூடப் பையன் சொல்லும் சாக்குபோல எனக்கே பட்டது.

மூன்றாம் நாள் மேலே கூப்பிட்டார்கள்.

அக்கவுண்ட்ஸில் படிவங்களைச் சரிபார்ப்பவர் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த ஒரு பெண். தமிழ்தான். ஆனால் ஆபீஸில் எல்லோரிடமும் இங்கிலீஷ், இல்லாவிட்டால் ஹிந்தி. என்னிடமும் ஹிந்திதான். நானும் ஹிந்தியில் இரண்டு வார்த்தை பதில் சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன்.

"நாலு பில்லும் ஓகே" என்றார் அவர் ஹிந்தியில். "அஞ்சாவதுக்கு ஆயிரத்துக்கு மேல போறதால கடையில கேட்டு உறுதி பண்ணணும். உங்க முன்னாடியே கேக்கறேன், உக்காருங்க."

ஸ்பீக்கரில் போட்டார். பாயின் குரலைக் கேட்டதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. பின்னால் தையல் மெஷின் ஓடும் சத்தமும் கேட்டது. மேடம் கம்பெனியின் முழுப் பெயரைச் சொன்னார். அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மெண்ட் என்றார். இருபத்தெட்டுப் பைக்கு ஜிப் மாற்றினீர்களா, ஆயிரத்து நானூறு ரொக்கமாக வாங்கினீர்களா, பில் கொடுத்தீர்களா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். என் பெயரையும் சொன்னார்.

மெஷின் சத்தம் நின்றது.

"நஹி மேடம்" என்றார் பாய். அப்படி எந்த வேலையும் இங்கே நடக்கவில்லை என்றார். "உஸ் ஆத்மி கோ மை ஜான்தா ஹி நஹி." அந்த ஆளையே எனக்குத் தெரியாது.

லைன் வெட்டுப்பட்டது.

வேறு யாராவதாக இருந்தால் அந்த இடத்திலேயே சத்தம் போட்டிருப்பார்கள். எனக்கு வாய் திறக்கவில்லை. அன்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, மழை விட்டதும் போங்க அண்ணாச்சி என்று சொல்லிப் பார்த்த மனுஷன் அவர். மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது திருட்டு முழிபோலத்தான் தெரிந்திருக்கும்.

"நாளைக்குள்ள ஏதாவது ஆதாரம் கொண்டு வாங்க" என்றார் கடைசியில். "இல்லேன்னா இது பொய்யான டிக்ளரேஷன். நான் ஹெச்.ஆருக்கு அனுப்பியாகணும். எனக்கு வேற வழியில்ல."

பணம் போனால் போகட்டும் என்று இருந்துவிடலாம். ஸ்டோரில் வேலை பார்ப்பவன் பொய்க் கணக்கு எழுதினான் என்று ஹெச்.ஆரில் ஏறிவிட்டால் பிறகு யார் என்னிடம் ஸ்டோர் சாவியைக் கொடுப்பார்கள்? சாவி இல்லையென்றால் வேலை இல்லை.

வேலை முடிந்ததும் சயான் பஸ்ஸில் ஏறினேன். நின்றுகொண்டே போனேன், உட்கார இடம் இருந்தும். பட்டறைக்குள் நுழைந்ததும் பாய் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார்.

"வாங்க அண்ணாச்சி. நானே போன் போடணும்னு இருந்தேன். உங்கள வெச்சு ஒரு பொம்பள போன் பண்ணி நோண்டுனா. டாக்ஸ்காரங்கதான். நான் ஒண்ணும் தெரியாதுன்னு அடிச்சுச் சொல்லிட்டேன். கவலப்படாதீங்க."

அவர் முகத்தில் இருந்தது பெருமை. என்னைக் காப்பாற்றிய பெருமை.

"அது எங்க ஆபீஸ் பாய்" என்றேன்.

"ஆபீஸா? அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மெண்ட்னுல்லா சொன்னா."

"எங்க ஆபீஸ்ல இருக்க அக்கவுண்ட்ஸ்."

மெஷினில் இருந்த தையல்காரர் சிரித்தார். "டிபார்ட்மெண்டுன்னா சர்க்கார்தானேன்னு பாய் எங்கிட்டயும் சொன்னாரு. ரெண்டு மணி நேரம் ஷட்டர இறக்கிப் போட்டு இருட்டுல உக்காந்திருந்தோம்."

பாய் சிரிக்கவில்லை. மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார். "அப்போ நான் ஒங்க சோத்துல மண்ணப் போட்டுட்டேனே."

பிறகு மேசை டிராயரைத் திறந்து முத்திரையை எடுத்தார். "இதுக்குப் போயி மலைக்காதீங்க. இப்பவே ஒரு பில் எழுதித் தாரேன். அதே தேதி. வேணும்னா ரெண்டாயிரம்னு போடுதேன், ஒங்க அலைச்சலுக்கும் சேத்து."

"வேண்டாம் பாய். ரசீது போச்சுன்னு எழுதிக் கொடுத்துட்டேன். இப்ப புதுசா ஒண்ணு கொண்டுபோனா அதுதான் பொய்யாயிடும். நாளைக்கு அவங்க மறுபடி கூப்புடுவாங்க. நடந்ததச் சொன்னாப் போதும்."

அவர் தலையைச் சொறிந்தார். "போன்ல சொன்னா ரெக்கார்டு ஆவுமே அண்ணாச்சி. எனக்கு லைசென்சு இல்ல. கரண்டு மீட்டரு வீட்டு மீட்டரு. கீழ ரெண்டு, மேல ரெண்டுன்னு நாலு மெஷின் ஓடுது. ஒருத்தன் கேட்டு வந்தா எல்லாத்தையும் தூக்கிட்டுப் போயிருவான்."

அதில் தப்பில்லை. எனக்காக அந்த நாலு மெஷினையும் அவர் பணயம் வைக்க வேண்டும் என்று கேட்க எனக்கு என்ன உரிமை? ஆனாலும் கேட்டேன். என் வாழ்க்கையில் ஒருவரிடம் இரண்டாவது முறை ஒரு விஷயத்தைக் கேட்டது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

"பாக்கலாம்" என்றார். சொல்கிறேன் என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை கூப்பிடும் முன்பே மேலே போனேன். கதவருகே நிற்காமல் நேராக அவர் மேசைக்குப் போனதில் மேடம் கொஞ்சம் பின்னால் சாய்ந்தார். ஹிந்தியில் ஆரம்பித்தேன், வரவில்லை. தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

"மேடம், அவரு உங்கள டாக்ஸ்னு நெனச்சுட்டாரு. தயவுசெஞ்சு இன்னொரு தடவ கூப்புடுங்க. தமிழ்ல பேசுங்க."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "நான் அவரை மெரட்டிட்டேனா?" என்று தமிழில் கேட்டார். பிறகு போனை எடுத்தார்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. நின்றுவிட்டது. மறுபடி அடித்தார். நான் வெளியே போய்விடலாமா என்று பார்த்தேன்.

"ஹலோ." பாயின் குரல்.

"பாய், நான் செம்பூர் பேக் கம்பெனிலேர்ந்து பேசறேன். நேத்து பேசினது நான்தான். கவர்மெண்ட் இல்ல. நம்ம ஸ்டோர்ல இருக்காரே, அவருக்கு நீங்க ஜிப் மாத்திக் குடுத்தீங்களாமே, அதைக் கேக்கத்தான். வேற எதுவும் எழுதிக்க மாட்டேன்."

அந்தப் பக்கம் மெஷின் சத்தம் நின்றது. இந்த முறையும் தெரியாது என்றுதான் சொல்லப்போகிறார் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

"நீங்க தமிழா தாயி?" என்றார் பாய்.

"ஆமா, மாட்டுங்கா."

"நேத்தே இதச் சொல்லியிருக்கலாம்லா." ஒரு பெருமூச்சு கேட்டது. "மாத்துனேன். இருபத்தெட்டு. ஒண்ணுக்கு அம்பதுன்னு ஆயிரத்தி நானூறு வாங்குனேன். நான் அறுவது கேட்டேன், அண்ணாச்சி அம்பதுக்குக் கொண்டாந்துட்டாரு. நேத்து ராவு ரெண்டாயிரத்துக்குப் பில்லு தாரேன்னேன், வேண்டாம்னுட்டாரு. பொழைக்கத் தெரியாத மனுஷன்."

மேடம் என்னைப் பார்க்காமல் எழுத ஆரம்பித்தார். என் விளக்கத்துக்குக் கீழே, கடைக்காரரிடம் போனில் விசாரித்து உறுதி செய்யப்பட்டது என்று ஒரு வரி. தேதி, கையெழுத்து. பிறகு படிவத்தை என் பக்கம் திருப்பி, மொத்தத்துக்குப் பக்கத்தில் என்னையும் ஒரு கையெழுத்துப் போடச் சொன்னார். நான் தவறிப்போய், தேதி எழுத வேண்டிய இடத்தில் பேனாவை வைத்தேன்.

"தண்ணி குடிங்கோ முதல்ல" என்றார்.

கீழே இறங்கும்போது பாய் கூப்பிட்டார். படிக்கட்டிலேயே நின்று எடுத்தேன்.

"சரியாச் சொன்னேனா அண்ணாச்சி?"

"சரியாச் சொன்னீங்க பாய்."

"நேத்துச் சொன்னதும் ஒங்களுக்காகத்தான். இன்னைக்குச் சொன்னதும் ஒங்களுக்காகத்தான். மனசுல வெச்சுக்காதீங்க."

வைத்துக்கொள்ளவில்லை என்றேன். பணம் அந்த வாரமே கணக்கில் வந்தது. இப்போதும் ஜிப் வேலை என்றால் அவரிடம்தான் போகிறேன், டீ குடிக்கிறேன். ஆனால் அந்த ஆளையே எனக்குத் தெரியாது என்று அந்தக் குரல் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. எனக்காகச் சொன்னதுதான் என்று தெரிந்த பிறகும் அது போகவில்லை.